மருந்துத் தொழிற்சாலை ஆய்வக வேலைக்கு விண்ணப்பமா? சுயவிவரத்தின் மூன்று வரிகளை முதலில் சரிபாருங்கள்

பெக்கோக் ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். இந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளில் வேதியியல் படித்து முடித்தவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஏதாவது ஒரு செம்பனை ஆலையின் லேப்பில்தான். அங்கிருந்து மலாக்கா, பாங்கி, கிள்ளான், இஸ்கண்டார் புத்ரி என்று மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது பலரின் ஆசை. அந்தப் பயணத்தின் முதல் தாள் சுயவிவரம். பலருக்கு அந்தத் தாளிலேயே பயணம் நின்றுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர். வேதியியல் பட்டதாரி. செம்பனை ஆலை லேப்பில் ஓராண்டு வேலை செய்திருக்கிறார். பிறகு ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஆறு மாத ஒப்பந்த வேலை. அவருடைய சுயவிவரத்தில் மூன்று வரிகள் இப்படி இருக்கின்றன:

"கையாண்ட கருவிகள்: எச்.பி.எல்.சி., ஜி.சி., யூ.வி., எஃப்.டி.ஐ.ஆர்., கரைதிறன் கருவி உட்பட 11 கருவிகள்."

"ஆவணப் பணியில் மிகுந்த ஒழுக்கம் உடையவர்."

"அரசாங்க ஆடிட் அனுபவம் உண்டு."

ஆலை லேப்பில் வேலை செய்த ஓராண்டு அதில் இல்லவே இல்லை. "மில் வேலையை எழுதினால் குறைவாக நினைப்பார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டார். மருந்து ஆய்வகத்தில் ஆள் எடுக்கும் மேலாளர் இந்த மூன்று வரிகளையும் எப்படிப் படிக்கிறார், நேர்முகத் தேர்வில் அவற்றிலிருந்து என்ன கேட்கிறார் என்பது தெரிந்தால், எதை எழுத வேண்டும், எதை எழுதக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

பெட்டியில் இருக்கும் எம்.ஏ.எல். எண்

வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், MAL என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த மருந்து மலேசியாவில் பதிவு செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. 1984ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்கீழ் அமைந்த மருந்துக் கட்டுப்பாட்டு வாரியம்தான் அந்தப் பதிவைத் தருகிறது. தொழிற்சாலைகளுக்குள் வந்து சோதனை செய்வது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என்.பி.ஆர்.ஏ. எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். மருந்துத் தொழிற்சாலை ஆய்வில் நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரே அளவுகோலைப் பின்பற்றும் பிக்ஸ் எனும் அனைத்துலக அமைப்பில் மலேசியா 2002 ஜனவரி 1 முதல் உறுப்பு நாடு.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணைத் தாங்கி ஒவ்வொரு பேட்ச் மாத்திரையும் வெளியே போகும் முன்பு, ஆய்வகத்தில் ஒருவர் அதைச் சோதித்து, எழுதி, கையெழுத்துப் போடுகிறார். மாத்திரையைச் சாப்பிடுபவர் அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மருந்தில் குறை வந்தால் ஆய்வாளர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். மேலாளர் சுயவிவரத்தில் தேடுவதும் அதே விஷயம்தான்: இந்தப் பிள்ளையின் கையெழுத்தை நம்பலாமா?

முதல் வரி: கருவிகள்

பதினொரு கருவிகளின் பெயரைப் பார்த்தவுடன் மேலாளர் வியப்பதில்லை. ஆறு மாதத்தில் ஒருவர் பதினொரு கருவிகளைச் சொந்தப் பொறுப்பில் ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். மருந்து ஆய்வகத்தில் ஒரு கருவியைத் தொடவே பயிற்சி முடித்த பதிவு வேண்டும். ஆகவே அவர் மனத்தில் எழும் கேள்வி, "இதில் எதைப் பக்கத்தில் நின்று பார்த்தார், எதை மற்றவர் மேற்பார்வையில் ஓட்டினார், எதில் வந்த முடிவுக்குத் தானே கையெழுத்துப் போட்டார்?" என்பதே.

இந்த மூன்றையும் சுயவிவரத்திலேயே பிரித்து எழுதுபவர் உடனே தனித்துத் தெரிவார். இரண்டு கருவிகள்தான் சொந்தப் பொறுப்பில் என்றாலும் பரவாயில்லை. கருவியின் பெயரோடு எந்தப் பொருளை, எந்தச் சோதனைக்காக, எவ்வளவு காலம் செய்தார் என்பதும் இருக்க வேண்டும்.

நம் இளைஞர் உண்மையிலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆறு மாதமும் அவர் செய்த முக்கிய வேலை, 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. பிரிட்டிஷ் பார்மகோபியா எனும் தர நூலில் உள்ள அந்தச் சோதனையைப் படிப்படியாகப் பார்த்தால், "யூ.வி. தெரியும்" என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

முதலில் 20 மாத்திரைகளை எடை போட்டுப் பொடியாக்க வேண்டும். ஒரு மாத்திரையின் சராசரி எடை 560 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மருந்து 500. மீதி, மாவு போன்ற சேர்க்கைப் பொருள்கள். சோதனைக்கு 150 மில்லிகிராம் மருந்து வேண்டும் என்றால் 168 மில்லிகிராம் பொடியை நிறுக்க வேண்டும். அதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடிலும் தண்ணீரிலும் போட்டு 15 நிமிடம் குலுக்கி, 200 மில்லிலிட்டருக்குக் கொண்டுவந்து, வடிகட்ட வேண்டும். வடிகட்டியதில் 10 மில்லிலிட்டரை எடுத்து 100 ஆக்க வேண்டும். அதில் மறுபடியும் 10 மில்லிலிட்டரை எடுத்து, காரம் சேர்த்து 100 ஆக்க வேண்டும். கடைசிக் கரைசலைக் கருவியில் வைத்து 257 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

மருந்து மிகச் சரியாக 100 விழுக்காடு இருந்தால் கருவி சுமார் 0.536 காட்டும். அந்த நூல் அனுமதிக்கும் எல்லை 95 முதல் 105 விழுக்காடு வரை. அதாவது கருவியில் ஏறக்குறைய 0.509க்கும் 0.563க்கும் இடையே எண் வர வேண்டும்.

கருவியில் பொத்தானை அழுத்துவது இதில் கடைசி ஒரு நிமிட வேலைதான். தவறு நடக்கும் இடங்கள் எல்லாம் அதற்கு முன்பே இருக்கின்றன: நிறுப்பதில், குலுக்குவதில், வடிகட்டுவதில், இரண்டு முறை நீர்த்துவதில். அதனால்தான் அனுபவமுள்ள மேலாளர் "யூ.வி. எப்படி வேலை செய்கிறது?" என்று பாடப்புத்தகக் கேள்வி கேட்பதில்லை. "ஒருநாள் உங்களுக்கு 0.498 வந்தது. என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்.

0.498 வந்த நாள்

0.498 என்றால் 92.9 விழுக்காடு. எல்லைக்குக் கீழே. ஆய்வகங்களில் இதை ஓ.ஓ.எஸ்., அதாவது எல்லை தாண்டிய முடிவு என்பார்கள். புதியவர்களின் கை உடனே போகும் இடம் தொட்டி. கரைசலைக் கொட்டிவிட்டு, "எங்கேயோ தவறு செய்துவிட்டேன், இன்னொரு முறை செய்து பார்க்கிறேன்" என்று தொடங்குவார்கள். நேர்முகத் தேர்வில் இந்தப் பதிலைச் சொன்னால் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

சரியான வழி வேறு. எதையும் கொட்டக்கூடாது. எல்லாக் குடுவைகளையும் அப்படியே வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து எடைச் சீட்டு, கணக்கு, பயன்படுத்திய குடுவை, பிப்பெட், கருவியின் அன்றைய சரிபார்ப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் எடையும் கணக்கும் சரியாக இருந்தன. கொட்டாமல் வைத்திருந்த முதல் குடுவைக் கரைசலிலிருந்து, மேற்பார்வையாளரின் அனுமதியோடு, கண்ணாடிப் பிப்பெட்டால் மறுபடியும் நீர்த்துப் பார்த்தார்கள். இப்போது 0.534 வந்தது, அதாவது 99.6 விழுக்காடு. அப்படியானால் பொடியிலோ குலுக்கியதிலோ தவறில்லை. தவறு நீர்த்த இடத்தில் இருக்கிறது. கடைசி முறை நீர்க்கும்போது பயன்படுத்தியது விரலால் அழுத்தும் பிப்பெட். அதை 10 மில்லிலிட்டரில் வைத்துத் தண்ணீரை எடுத்து எடை போட்டார்கள். அறை வெப்பத்தில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் சுமார் 9.97 கிராம் இருக்க வேண்டும். இதிலிருந்து வந்தது 9.3 கிராம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து கசிந்திருக்கிறது. 0.498க்கும் 0.534க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இதே ஏழு விழுக்காடுதான். காரணம் கையில் பிடிபட்டது.

அதன் பிறகுதான் முதல் முடிவைச் செல்லாது என்று எழுதி, நடைமுறை விதிப்படி முழுச் சோதனையையும் மறுபடி செய்யலாம். முதல் எண்ணும் தாளில் அப்படியே இருக்கும், அழிக்கப்படாது. வேலை அதோடும் முடியாது. அந்தப் பிப்பெட்டைக் கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து அதைக் கொண்டு செய்த மற்றச் சோதனைகள் எல்லாம் என்ன ஆயின என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைக் கேட்காமலே சொல்லும் விண்ணப்பதாரரை மேலாளர் எளிதில் விடமாட்டார்.

காரணம் கிடைக்காவிட்டால்? அப்போது 92.9 என்பது உண்மையான முடிவாகவே நிற்கும். விசாரணை மாத்திரை தயாரித்த இடத்துக்குப் போகும். நல்ல எண் வரும்வரை சோதித்துக்கொண்டே இருப்பதோ, கெட்ட எண்ணையும் நல்ல எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து மறைப்பதோ கூடாது. இந்த நடைமுறைக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி கூட்டரசு நீதிமன்றத்தில் பார் லேபரட்டரிஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி ஆல்ஃபிரட் வொலின் அளித்த தீர்ப்புதான், தோல்வியான முடிவை எப்போது ஒதுக்கலாம், எப்போது ஒதுக்கக்கூடாது என்பதற்கு அடித்தளமானது. ஆய்வகத் தவறு என்று காட்ட முடிந்தால் மட்டுமே ஒதுக்கலாம் என்பதே அதன் சாரம்.

இரண்டாவது வரி: ஆவண ஒழுக்கம்

"மிகுந்த ஒழுக்கம் உடையவர்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் அந்த வரிக்கு மதிப்பில்லை. செய்த செயலை எழுதினால்தான் மதிப்பு.

மருந்து ஆய்வகத்தில் ஒரு பதிவைப் பார்த்தவுடன் ஐந்து விஷயங்கள் தெரிய வேண்டும். யார் எழுதியது? படிக்க முடிகிறதா? வேலை நடந்த அந்த நேரத்திலேயே எழுதியதா? முதலில் எழுதிய மூலத் தாள் இதுதானா? எழுதியது உண்மையா? இந்த ஐந்தையும் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவை உடைவது மிகச் சிறிய பழக்கங்களில்தான்.

கையுறையின் மேல் பேனாவால் எடையைக் குறித்துக்கொண்டு, இடத்துக்கு வந்து நோட்டில் எழுதுவது ஒரு பழக்கம். அப்போது மூலப் பதிவு கையுறை, அது குப்பையில். காலையில் செய்த வேலையை மாலையில் ஒரேயடியாக எழுதுவது இன்னொரு பழக்கம். ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் எழுதப்பட்ட பக்கத்தைப் பார்த்தாலே ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும். தவறாக எழுதியதை வெள்ளை மையால் மறைப்பது கூடவே கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பழைய எண் படிக்கும்படி விட்டு, சரியான எண்ணை எழுதி, காரணம், சுருக்கொப்பம், தேதி போட வேண்டும். தராசு தரும் சீட்டு வெப்பத் தாளில் இருந்தால் சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும்; அதை நகலெடுத்து, மூலத்துக்கு ஒத்தது என்று கையெழுத்திட்டுச் சேர்த்து வைக்க வேண்டும்.

கணினி வந்த பிறகு தவறு செய்ய புதிய வழிகளும் வந்தன. ஒருவர் கடவுச்சொல்லை நான்கு பேர் பயன்படுத்துவது, கணினியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, "சும்மா ஒரு முறை" ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கோப்பை அழிப்பது போன்றவை. கருவியின் மென்பொருளில் ஆடிட் டிரெயில் என்ற தடப் பதிவு உண்டு. யார், எப்போது, எதைத் தொட்டார் என்பதை அது எழுதி வைக்கும். நோட்டில் ஐந்து ஓட்டமும் கணினியில் எட்டு ஓட்டமும் இருந்தால், அந்த மூன்று ஓட்டங்கள் எங்கே என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வி.

இதன் விலை என்ன என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பஞ்சாப் மாநிலத்தின் தோவான்சாவில் இருந்த ரான்பாக்சி ஆலை. 2014 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அதிகாரிகள் அங்கே சோதனை நடத்தினார்கள். தேர்ச்சி பெறாத பொருள்களை ஊழியர்கள் மறுபடி மறுபடி சோதித்து, ஏற்கத்தக்க முடிவு வந்தபின் அதை மட்டும் காட்டி, தோல்விகளைப் பதிவு செய்யாமல் விட்டதைக் கண்டார்கள். அம்மாதம் 23ஆம் தேதி, அந்த ஆலையின் மூலப்பொருள் அமெரிக்கச் சந்தைக்கான மருந்துகளில் சேரத் தடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2013 மே மாதம், அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை வேறு ஆலைகள் தொடர்பான குற்றங்களை ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் செலுத்த இணங்கியது. தோவான்சாவில் பிடிபட்டது நவீனச் சூழ்ச்சி எதுவுமில்லை. 0.498 வந்ததும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும் அதே பழக்கம்தான்.

ஆகவே சுயவிவரத்தில் ஒழுக்கம் என்ற சொல்லுக்குப் பதிலாக, "ஆறு மாதத்தில் தினசரி பாரசிட்டமால் சோதனைக்கான மூலப் பதிவேட்டை எழுதினேன், ஓர் எல்லை தாண்டிய முடிவின் விசாரணையில் பங்கெடுத்தேன், கசிந்த பிப்பெட் காரணமென்று கண்டறியப்பட்டது" என்று எழுதினால், மேலாளர் அந்த வரியில் பேனாவை வைத்து வட்டமிடுவார். தன் வேலையில் ஒரு தவறு வந்ததை எழுதினால் கெட்ட பெயர் என்று பயப்படத் தேவையில்லை. ஆய்வகத்தில் தவறே பார்த்ததில்லை என்பவரைத்தான் மேலாளர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்னாள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், பேட்ச் எண், ஆடிட்டில் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த குறைகள் ஆகியவற்றைச் சுயவிவரத்தில் எழுதக்கூடாது. அவை ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குள் வருபவை. பழைய இடத்தின் ரகசியத்தை இங்கே சொல்பவர், நாளை இந்த இடத்தின் ரகசியத்தை வேறிடத்தில் சொல்வார் என்றுதான் மேலாளர் நினைப்பார்.

மூன்றாவது வரி: ஆடிட் அனுபவம்

"என்.பி.ஆர்.ஏ. ஆடிட் அனுபவம் உண்டு" என்ற வரியும் கேள்விக்கு உள்ளாகும். அதிகாரிகள் வந்த நாளில் அதே கட்டடத்தில் இருந்தது மட்டும் அனுபவம் ஆகாது.

ஆடிட் நாளில் ஆய்வகத்தில் வெவ்வேறு வேலைகள் இருக்கும். அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்பவர் ஒருவர். பின் அறையில் உட்கார்ந்து, கேட்கும் பதிவேட்டைச் சில நிமிடங்களில் எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர். என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தோம் என்று குறிப்பெழுதுபவர் மற்றொருவர். ஆடிட் முடிந்தபின் குறைகளுக்குக் காரணம் கண்டு, திருத்த நடவடிக்கை எழுதுவது தனி வேலை. பிக்ஸ் முறையில் குறைகள் மிகக் கடுமையானவை, பெரியவை, மற்றவை என்று மூன்றாகத் தரம் பிரிக்கப்படும். நிறுவனம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் உள் ஆடிட்டும் உண்டு.

நம் இளைஞர் உண்மையில் செய்தது பின் அறை வேலை. அது சிறிய வேலை இல்லை. அதிகாரி ஏதாவது ஒரு பேட்ச் எண்ணைச் சொல்லி, அதன் மூலப் பதிவு, எடைச் சீட்டு, அன்றைய தராசுச் சரிபார்ப்பு, சோதித்தவரின் பயிற்சிப் பதிவு நான்கையும் கேட்பார். நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சோதனை நடந்தது 12ஆம் தேதி, சோதித்தவர் பயிற்சி முடித்தது 15ஆம் தேதி என்றிருந்தால் அங்கேயே ஒரு குறை பிறந்துவிடும். இந்தச் சங்கிலி எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று தெரிந்து பதிவுகளை எடுத்துக் கொடுத்தவர், "ஆடிட்டின்போது பதிவுகளைத் தேடித் தரும் குழுவில் இருந்தேன்" என்று எழுதினால் போதும். அது உண்மை, கேட்டால் விளக்கவும் முடியும்.

அதிகாரியிடம் பேசும் விதத்தைப் பற்றியும் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, தெரியாததை ஊகித்துச் சொல்லாமல், உரிய ஆளையோ ஏட்டையோ காட்டுவது, இல்லாத தாளை அன்றிரவு உட்கார்ந்து உருவாக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் அடிப்படை. பதிவு இல்லை என்பது ஒரு குறையோடு முடியும். பின்தேதியிட்டுச் செய்த பதிவு பிடிபட்டால், அதன் பிறகு அந்த ஆய்வகத்தின் எந்தத் தாளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எடுத்துவிட்ட அந்த ஓராண்டு

இப்போது ஆலை லேப்புக்கு வருவோம். அங்கே இளைஞர் நாள்தோறும் செய்தது, கச்சா செம்பனை எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ. எனும் தனித்த கொழுப்பு அமிலத்தை அளப்பது. எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, பினாப்தலீன் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். கணக்கு இதுதான்:

```
FFA % = 25.6 × N × V ÷ W
```

இதில் N காரத்தின் வலிமை, V செலவான மில்லிலிட்டர், W எண்ணெயின் எடை. 5 கிராம் எண்ணெய்க்கு 7.0 மில்லிலிட்டர் செலவாகி, காரத்தின் வலிமை 0.1 என்று எடுத்துக்கொண்டால் 3.58 விழுக்காடு வரும். வணிகத்தில் வழக்கமான உச்ச வரம்பு 5 விழுக்காடு.

ஆனால் புட்டியில் 0.1 என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே இருப்பது 0.1 ஆகிவிடாது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து நாளடைவில் வலிமை குறையும். தூய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை நிறுத்து எடுத்து அதன் வலிமையைச் சரிபார்த்தபோது 0.0952 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதே எண்ணெயின் உண்மையான அளவு 3.41 விழுக்காடுதான். புட்டியின் சீட்டை நம்பியவர் எண்ணெயை உண்மையைவிட மோசமாகக் காட்டியிருப்பார்.

இந்த வேலையைச் சரியாகச் செய்த ஒருவருக்கு மருந்து ஆய்வகத்தின் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். தராசின் தினசரிச் சரிபார்ப்பு, கரைசலின் வலிமை, காலாவதித் தேதி, ஷிஃப்ட் புத்தகத்தில் அந்தந்த மணிக்கு எழுதுவது எல்லாம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. மருந்து ஆய்வகங்களிலும் டைட்ரேஷன் அன்றாட வேலை. அதை மறைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்த ஜி.சி. கருவியை முன்னால் எழுதியது நட்டம். நேர்முகத் தேர்வில் ஜி.சி. பற்றி இரண்டாவது கேள்விக்கே பதில் நின்றுவிடும். அதன் பிறகு தெரிந்த யூ.வி. பற்றிச் சொல்வதையும் மேலாளர் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பார்.

திருத்தி எழுதிய சுயவிவரம்

சுயவிவரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். மொழி எதுவானாலும் உள்ளடக்கம் இப்படி அமையலாம்:

"சொந்தப் பொறுப்பில்: யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர், பகுப்பாய்வுத் தராசு. பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை அளவுச் சோதனை, 6 மாதம்."

"மேற்பார்வையில்: எச்.பி.எல்.சி. நகரும் கரைசல் தயாரிப்பு, தரக் கரைசலை ஆறு முறை செலுத்தி அமைப்பைச் சரிபார்த்தல்."

"அறிமுகம் மட்டும்: கரைதிறன் கருவி, ஜி.சி."

"ஆவணம்: மூலப் பதிவேடு, கருவிப் பயன்பாட்டுப் பதிவேடு எழுதுதல், ஓர் எல்லை தாண்டிய முடிவின் ஆய்வக விசாரணையில் பங்கு."

"ஆடிட்: ஒழுங்குமுறை ஆய்வு ஒன்றில் பதிவு தேடித் தரும் குழு."

"செம்பனை ஆலை ஆய்வகம், 1 ஆண்டு: எஃப்.எஃப்.ஏ. டைட்ரேஷன், ஈரப்பதம், கார வலிமைச் சரிபார்ப்பு, ஷிஃப்ட் பதிவு."

பதினொரு கருவிகள் ஐந்தாகக் குறைந்துவிட்டன. ஆனால் இதில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் பத்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறது.

இதோடு ஒரு வரி சேர்க்க மறக்கக்கூடாது. 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டப்படி, இந்நாட்டில் வேதியியலாளராகத் தொழில் செய்பவர் ஐ.கே.எம். எனும் மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள் வேலை தேடத் தொடங்கும்போதே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. உறுப்பினர் எண் வந்திருந்தால் அதையும், வரவில்லை என்றால் விண்ணப்பித்த தேதியையும் எழுதலாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்னால், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகளைத் தானே கேட்டுப் பார்க்கலாம். இதைக் கடைசியாக எப்போது செய்தேன்? அதில் எது தவறிப்போகும்? தவறியது எனக்கு எப்படித் தெரியும்? மூன்றுக்கும் பதில் வராத வரியை அடித்துவிடலாம். அதையும் ஆய்வகத்தில் அடிப்பதுபோல ஒரே கோட்டில் அடித்தால், எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்பது கண்முன் இருக்கும். அடிபட்ட வரிகள்தான் அடுத்த வேலையில் கற்க வேண்டியவற்றின் பட்டியல்.